பக்கத்துக் கார்பன்

கரியமாணிக்கம் அண்ணனிடம் யாராவது நலம் விசாரித்தால், தன் உடம்பைப் பற்றிச் சொல்லமாட்டார். ரியாக்டர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று சொல்வார். "மைனஸ் முப்பத்திமூணு. நல்லாருக்கு." அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. பதினான்கு வருடம் சைகோனில் இருந்த மனிதருக்கு வியட்நாமிய மொழியில் எண்களும் சாப்பாட்டுப் பெயர்களும் மட்டும்தான் தெரியும். ஆலை நடத்த அவை போதும் என்பது அவர் கட்சி.

காரைக்குடிக்காரர். பி.எஸ்ஸி. வேதியியல். நா பே பக்கம் ஆற்றை ஒட்டி இருக்கும் எங்கள் சின்ன ஆலையில் உற்பத்தி அவர் பொறுப்பு. நான் சண்முகவேல், அதே ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அவர் செய்ததைச் சரியாகச் செய்திருக்கிறாரா என்று பார்ப்பது என் உத்தியோகம். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் தப்பாகச் செய்யவில்லை. அதனால் நானும் நாளடைவில் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

நாங்கள் செய்த சரக்கின் பெயர் மெட்டா அனிசிடின். சாயம் தயாரிக்கிறவர்கள் வாங்குவார்கள். இதில் ஆறு கார்பன் கொண்ட ஒரு வளையம். அதன் ஒரு மூலையில் மெத்தாக்ஸி என்ற தொகுதி உட்கார்ந்திருக்கும், ஓர் இடம் விட்டு அடுத்த மூலையில் அமீன். அமீன் மெத்தாக்ஸிக்கு ஒட்டினாற்போல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டால் அதற்கு ஆர்த்தோ அனிசிடின் என்று பெயர். அது புற்றுநோய் சந்தேகத்தில் இருக்கிற பொருள். அதிலிருந்து வரும் சாயம் பட்ட துணியை ஐரோப்பாவில் இறக்க விடமாட்டார்கள். ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தால் சரக்கு, ஒட்டி உட்கார்ந்தால் வழக்கு. எதிரெதிரே உட்கார்ந்தால் பாரா. அதற்குத் தடை இல்லை, ஆனால் யாரும் கேட்கவில்லை.

2016ஆம் வருடம் அக்டோபரில் அண்ணனுக்கு வேலை அனுமதி முடிய ஆறு வாரம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் அவர் இங்கே இருக்கலாம். அதை நம்பித்தான் அவர் மனைவி தெய்வயானை அக்காவும் இருந்தார். பூ மி ஹங் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்க் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் அக்கா. கையெழுத்து இல்லையென்றால் இருவரும் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் மச்சானின் சிமெண்ட் ஏஜென்சியில் அண்ணனுக்கு ஒரு நாற்காலி பல வருடமாகக் காலியாகக் காத்திருந்தது. அந்த நாற்காலியை நினைத்தால் அண்ணனுக்குத் தூக்கம் வராது. ரியாக்டர் இல்லாத ஊரில் காலையில் எழுந்து எதைப் போய்ப் பார்ப்பது என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு வழக்கம்போல த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் இருந்து குங்குமம் வந்தது. சந்தனம் அண்ணன் வீட்டில் இழைத்தது. ரியாக்டர், பம்பு, தராசு, எல்லாவற்றுக்கும் பொட்டு. வியட்நாமியத் தொழிலாளர்களுக்கு இதில் ஆட்சேபணை இல்லை. பொரிகடலை கிடைக்கும் என்பதால் வரிசையில் நின்றார்கள். தட்டை நான் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

கிடங்கில் பீப்பாய்கள். இரும்பில் சந்தனம் வழுக்கிக்கொண்டு இறங்கும். காகிதத்தில் நிற்கும். ஆகையால் அண்ணன் லேபிள் மேலேயே வைத்தார். ஒரே கம்பெனியில் இருந்து வந்த நீலப் பீப்பாய்கள் இரண்டு வகை, ஒரே பலகைமேல் நின்றன. ஒன்று 2-புரோமோ அனிசோல், எங்கள் சரக்குக்கு மூலப்பொருள். இன்னொன்று 4-புரோமோ அனிசோல். வேறொரு ஆர்டருக்கு வாங்கி அந்த ஆர்டர் வராமலே போனதால் மிஞ்சிக் கிடந்தது. இரண்டுமே நிறமில்லாத திரவம், இரண்டுக்கும் சோம்பு மாதிரி ஒரே வாசனை. லேபிளில் வித்தியாசம் ஓர் எண் மட்டும். அண்ணன் கட்டைவிரல் பெரிது.

"அண்ணே, நம்பர் மேல பட்டுருச்சு," என்றேன்.

"இன்னிக்குத் தொடக்கூடாதுப்பா. நாளைக்கு நீ துடைச்சு விட்டுரு."

"சரிண்ணே," என்றேன்.

மறுநாள் எனக்கு வுங் டாவ் போகிற வேலை வந்தது. கடற்கரையில் நண்டு சாப்பிட்டேன். பீப்பாய் ஞாபகம் நண்டு ஓட்டோடு போய்விட்டது.

அடுத்த வாரம் நாற்பத்து மூன்றாவது பேட்ச். கிடங்கு சம்சுதீன் வசம். காரைக்கால்காரன், ஒன்பது வருடமாக ஒரு திருகாணிகூடக் கணக்கில் தவறவிடாதவன். அவன்தான் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். அண்ணன் லேபிளைப் பார்த்தார், பொட்டு இருந்தது, தாளில் கையெழுத்துப் போட்டார். சம்சுதீனும் போட்டான். ரியாக்டரில் திரவ அம்மோனியாவில் சோடியம் விழுந்து நீலமாகி, நீலம் வெளிறிச் சாம்பல் நிறமானது. அதுதான் சோடமைடு, பொல்லாத காரம். அதன்மேல் பீப்பாய்ச் சரக்கு சொட்டுச் சொட்டாக இறங்கியது. எல்லாம் பழைய நாற்பத்திரண்டு பேட்ச் மாதிரியேதான் இருந்தது.

சரக்கில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் என்னுடைய வாயு நிறப்பகுப்புக் கருவி அப்போது உதிரிபாகத்துக்காக மூன்று வாரமாகப் படுத்திருந்தது. நிறத்தைப் பார்த்தேன், கொதிநிலையைப் பார்த்தேன். கொதிநிலை ஒரே இடத்தில் நிற்காமல் நான்கைந்து டிகிரி பரவலாக இருந்தது. கேஜ் பழசு என்று எழுதிக்கொண்டேன். அண்ணன் வழக்கம்போலத் தாளில் எழுதினார்: மெட்டா மட்டும், ஆர்த்தோ இல்லை. சரக்கு போனது.

இரண்டு வாரம் கழித்துச் சரக்கு வாங்கிய நிறுவனத்தில் இருந்து திருமதி லான் வந்தார். ஆய்வாளர். முடியை இழுத்துக் கட்டியிருந்த விதத்திலேயே தீர்ப்பு தெரிந்தது. கையில் அவர்கள் கருவி வரைந்த ஒரு தாள், பொருளுக்கு ஒன்றாக அதில் இரண்டு சிகரம். ஒன்று மெட்டா. ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொன்று. அவர்களிடம் ஒப்பிட மெட்டா மாதிரி மட்டும்தான் இருந்ததாம். இரண்டாவது எது என்று உறுதிசெய்யச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வர ஒரு வாரம் ஆகும். ஆனால் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் முதலாளி மார்செல் எல்லோரையும் உணவறைக்கு அழைத்தார். மார்செலின் அப்பா காரைக்கால், அம்மா சைகோன், படிப்பு பிரெஞ்சு. நிதானமாக இருக்கும்போது வியட்நாமியம் பேசுவார். தமிழ் வந்தால் ஆபத்து.

லான் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது. உங்கள் பேட்ச் தாளின்படி மூலப்பொருள் 2-புரோமோ அனிசோல். புரோமின் இருப்பது மெத்தாக்ஸிக்கு ஒட்டின இடம். புரோமின் எழுந்து போனால் அமீன் அந்த இடத்தில் உட்காரும். அது ஆர்த்தோ. நீங்கள் ஆர்த்தோவைச் செய்துவிட்டு மெட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை எத்தனை பேட்ச் இப்படி என்று தெரிய வேண்டும்.

மார்செல் அண்ணன் பக்கம் திரும்பினார். "மொஸ்யே கரியமாணிக்கம், இது பொய்க் கையெழுத்துன்னா நா ஒம் பர்மிட்டுல கையெழுத்து வைக்கமாட்டேன். ஆலையையே மூடிருவானுவொ. சொல்லு."

அண்ணன் எழுந்து போய் உணவறையில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் முக்காலிகளில் ஆறை எடுத்து வட்டமாகப் போட்டார். எட்டு வருடத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தமிழில்தான் பேசினார், நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதல் முக்காலியில் தானே உட்கார்ந்தார். "நாந்தான் மெத்தாக்ஸி." இரண்டாவதில் தண்ணீர்க் குவளையை வைத்தார், அது புரோமின். மூன்றாவதில் ஒரு எலுமிச்சம்பழம், அது ஹைட்ரஜன்.

"அம்மா சொல்ற மாதிரி இங்க நடக்காது. வளையத்துல ஒட்டின புரோமினை நேராப் போயித் தள்ள முடியாது. சோடமைடு வந்தா மொதல்ல புரோமின்கிட்டப் போகாது. பக்கத்துல இருக்கிற எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கும்." பிடுங்கினார். "அப்புறந்தான் புரோமின் கிளம்பும்." குவளையை எடுத்தார். "இப்ப ரெண்டும் மூணும் காலி. அந்த ரெண்டு கார்பனுக்கு நடுவுல கூடுதலா ஒரு பிணைப்பு விழும். வளையத்துக்குள்ள அது சரியாப் பொருந்தாது, இழுத்துக் கட்டின மாதிரி நிக்கும். இதுதான் பென்சைன். கண்ணுக்குத் தெரியாது, பாட்டில்ல பிடிக்க முடியாது. அடுத்த நொடி யாராவது வந்து உக்காந்துருவாக."

லான் முக்காலியைப் பார்த்தார். "எதில் உட்காருவார்கள்?"

"ரெண்டுலயும் உக்காரலாம், மூணுலயும் உக்காரலாம். ஆனா ஒண்ணுல உக்காந்தா இன்னொண்ணு மேல எதிர்மின்னூட்டம் விழும். அதைத் தாங்கணுமில்ல? என்கிட்ட ஆக்சிஜன் இருக்கு, எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும். அதனால சுமை எனக்கு ஒட்டின ரெண்டாவதுல விழுந்தா சுலபம். அப்ப அமீன் எங்க உக்காரும்? மூணுல. மெட்டா. புரோமின் இருந்த எடத்துல இல்லை, பக்கத்துக் கார்பன்ல."

லான் விடவில்லை. மெத்தாக்ஸி எலக்ட்ரானைக் கொடுக்கும் தொகுதி என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது, இழுக்கும் என்கிறீர்களே என்றார். நல்ல கேள்வி. எனக்கு வியர்த்தது.

"கொடுக்கும். வளையத்துக்கு மேலயும் கீழயும் இருக்கிற எலக்ட்ரான் மேகத்துக்குக் கொடுக்கும். இந்தச் சுமை இருக்கிறது வளையத்தோட ஓரத்துல, பக்கவாட்டுல. அந்த மேகத்தோட இதுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இங்க பிணைப்பு வழியா இழுக்கிறது மட்டுந்தான் செல்லும்."

லான் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பிறகு தாளைத் தட்டினார். "அப்படியானால் இந்த இரண்டாவது சிகரம் என்ன? உங்கள் கணக்குப்படி மெட்டா மட்டும்தானே வர வேண்டும்?"

அண்ணன் அந்தத் தாளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பாதிக்குப் பாதி. கொஞ்ச நேரம் முக்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குவளையை எடுத்து நான்காவது முக்காலியில் வைத்தார். அவருக்கு நேர் எதிரே.

"இங்கேருந்து கிளம்பியிருந்தா," என்று மெதுவாகச் சொன்னார், "பக்கத்து ஹைட்ரஜன் மூணுல. பிணைப்பு மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. நான் ரெண்டுக்குமே தள்ளி இருக்கேன். என் இழுப்பு பெரிசா வித்தியாசம் பண்ணாது. பாதி மூணுல உக்காரும், பாதி நாலுல உக்காரும். மெட்டா பாதி, பாரா பாதி." நிமிர்ந்தார். "ரெண்டாவது எடத்தை யாரும் தொடவே முடியாது. அம்மா, உங்க தாள்ல இருக்கிறது ஆர்த்தோ இல்லை. பாரா."

அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். லான் பார்த்தது அவரை, மார்செல் பார்த்தது லானை. அவர் என்னைப் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை. நான்காவது இடத்தில் புரோமின் இருக்கிற பீப்பாய் எது என்று அந்த அறையில் எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

பரிசோதனைக்கூடத்தில் ஒதுக்கி வைத்த மாதிரி பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். அங்கே ஏசி இருபதில் ஓடும். பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் படிகம். இரண்டு வாரமாக அங்கே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் நான் அப்போது தேர்ந்துவிட்டிருந்தேன். ஆர்த்தோவும் மெட்டாவும் இருபது டிகிரியில் உறையாது. படிகத்தை வடிகட்டிக் குளிர்ந்த கரைப்பானில் கழுவி உலர்த்தி, லான் எதிரிலேயே உருகுநிலை பார்த்தோம். ஐம்பத்தாறில் நனைந்தது, ஐம்பத்தெட்டில் தெளிவானது. பாரா அனிசிடின். ஆர்த்தோவாக இருந்தால் அது எங்கள் கையில் படிகமாகவே நின்றிருக்காது.

லான் எழுந்து அண்ணனுக்குக் கை கொடுத்தார். சரக்கு திரும்பி வரும், ஆனால் புகார் போகாது என்றார். சிங்கப்பூர்ப் பதிலும் அப்படியே வந்தால் அடுத்த ஆர்டர் தருவதாகவும் சொன்னார். பின்னால் அப்படியே வந்தது. அந்த நிமிடம் அண்ணன் முகத்தில் நான் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை.

மார்செலுக்கு இப்போது வேறொரு கேள்வி இருந்தது. எல்லோரும் முற்றத்துக்குப் போனோம். நாற்பத்து மூன்றாவது பேட்ச்சின் காலிப் பீப்பாய் சுவரோரம் நின்றது. இரண்டு வாரம் சைகோன் மழை பெய்திருந்தது. சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. லேபிளில் 4 என்ற எண் பளிச்சென்று இருந்தது.

"சம்சுதீன்! இது என்னா நம்பரு?"

"நாலு, முதலாளி."

"தாள்ல என்னா எழுதியிருக்கே?"

"ரெண்டு."

"ஒனக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா?"

சம்சுதீன் தரையைப் பார்த்தான். "தெரியும்."

"பொறவு?"

பொட்டு இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்செல் இந்த மாதத்தோடு கணக்கை முடித்துக்கொள் என்றார். அதற்கும் தலையை ஆட்டினான். நான் அவனுக்கு நான்கடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்து மூடினேன் என்று எழுத ஆசைதான். திறக்கவே இல்லை. என் வேலை அனுமதியும் அடுத்த ஆண்டு முடிகிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன்தான் பேசினார்.

"அவன் மேல தப்பு இல்லைங்க. பூசை அன்னிக்கு அந்த நம்பர் மேல நாந்தான் பொட்டு வச்சேன். மழைல போயிருச்சு. ரியாக்டர்ல ஊத்துறதுக்கு முந்தி நானும் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். பொட்டைப் பார்த்தேன், நம்பரைப் பார்க்கலை."

மார்செல் நம்பவில்லை. சம்சுதீனைக் கேட்டார். "நெசமா? நீ ஏன் தொடச்சுப் பாக்கல?"

சம்சுதீன் அப்போதுதான் நிமிர்ந்தான். "அவுக சாமி பொட்டு முதலாளி. நா எப்படி அழிப்பேன்? அண்ணன் பாத்துத்தானே போடுவாகன்னு நெனச்சேன்."

"அத ஏன்டா மொதல்லயே சொல்லல?"

"சொன்னா அண்ணனுக்குப் பர்மிட்டு போயிருமே."

மார்செல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு அண்ணனிடம் கேட்டார். "பூசைக்கு ஒங்கூட யார் இருந்தது? மறுநாளு தொடைக்கணும்னு யாருக்கும் தோணலையா?"

அண்ணன் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "நான் மட்டுந்தான் இருந்தேன்," என்றார்.

வெட்கத்தில் எனக்குக் காது அடைத்தது. இப்போது எழுதும்போதும் அடைக்கிறது. என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். குறைந்தபட்சம் அன்று மாலையாவது அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பான். நான் மூன்று நாள் கழித்துப் போனேன். தெய்வயானை அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் எனக்குக் காப்பி கொடுத்தார். நான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, நீங்க என்னைத் துடைக்கச் சொன்னீங்க..."

"ரியாக்டர் ஜாக்கெட்டுல வால்வு கசியுது," என்றார் அவர். "மாத்திரு. ஜனவரிக்குள்ள மாத்தலைன்னா மைனஸ் முப்பத்திமூணு பிடிக்காது."

அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன். வால்வைப் பற்றியே பேசினோம்.

மார்செல் கெட்டவர் இல்லை. மூலப்பொருளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட உற்பத்திப் பொறுப்பாளருக்குத் தான் கையெழுத்துப் போட முடியாது என்றார். அது நியாயம்தான், ஆள்தான் தப்பு. சம்சுதீன் வேலையில் இருந்தான். நவம்பர் கடைசியில் அண்ணனும் அக்காவும் விமானம் ஏறினார்கள். உற்பத்திப் பொறுப்பு காலியானது. அந்த வேலைமுறை தெரிந்தவன் ஆலையில் நான் ஒருவன்தான் என்பதால் மார்செல் அதை எனக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் நல்ல காரணம் ஒன்று இருந்தது. சொல்லவில்லை.

போன வருடம் ஊருக்குப் போனபோது காரைக்குடியில் அவரைப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். எப்படி இருக்கீங்கண்ணே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாருக்கேன்" என்றார். அவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து பேருந்து நிலையம் போகும்வரை அழுதேன்.

ஆலையில் இப்போது சம்சுதீன் பீப்பாயை என்னிடம்தான் உருட்டிக்கொண்டு வருகிறான். அன்று தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது யார் என்பது அவனுக்குத் தெரியும், கிடங்கு வாசலில்தான் நின்றிருந்தான். யாரிடமும் சொன்னதில்லை. லேபிளை என் பக்கம் திருப்பி, எண் மேல் விரலை வைத்து, என் முகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பான்.

"ரெண்டு. பாத்துக்கிட்டீங்களா சார்? ரெண்டு."

முன்பெல்லாம் அவன் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.